மரியாதைக்கு ஒரு மன்னிப்பு

கூலிம் ஹைடெக் பூங்காவில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் மின்னஞ்சல் எழுத யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. பழைய மின்னஞ்சல் ஒன்றைத் திறக்க வேண்டும், பெயரை மாற்ற வேண்டும், தேதியை மாற்ற வேண்டும், அனுப்பிவிட வேண்டும். நான் ஷிப்பிங் பிரிவில் சேர்ந்தபோது பக்கத்து மேசைக்காரி செய்து காட்டிய முறை இதுதான். அவளுக்கு முன்னால் இருந்தவள் அவளுக்குக் காட்டியது. அப்படியே கைமாறி வந்ததில் இரண்டு வாக்கியங்கள் எங்கள் எல்லாருக்கும் சொத்தாகிவிட்டன. யாராவது எதையாவது தெரிவித்தால், 'தேங்க்ஸ் ஃபார் இன்ஃபார்ம் மீ.' நாங்கள் எதையாவது தெரிவித்தால், 'சாரி ஃபார் டிலே.'

இரண்டாவதுதான் விசேஷம். தாமதம் ஆனால்தான் அதை எழுதுவோம் என்று நினைத்துவிடாதீர்கள். கேள்வி வந்த சூட்டோடு பதில் போட்டாலும் முதல் வரி அதுதான். வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுவது போல, மின்னஞ்சலுக்குள் நுழையும்போது ஒரு சாரி.

எங்களில் அதை அதிகமாக எழுதியவர் பேக்கிங் பகுதியில் லைன் லீடராக இருந்த அக்கா. லூனாஸில் என் வீட்டுக்கு அடுத்த வரிசையில் இருக்கிறார். சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு தொழிற்சாலைக்கு வந்தவர். எந்தப் பெட்டி எந்த நாட்டுக்கு, எந்த லேபிள் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் மட்டும் முகம் சுருங்கிவிடும். "மா, இத கொஞ்சம் பாரேன்லா," என்று என்னைக் கூப்பிடுவார். நான் எரிந்து விழுவேன். எனக்கு வேலை நேரத்தில் யாராவது தோளுக்குப் பின்னால் வந்து நின்றாலே பிடிக்காது. ஆனால் அவருக்குப் பார்த்துக் கொடுக்காமல் இருந்ததில்லை.

அக்காவின் கணவரை நான் அண்ணன் என்பேன். அவருக்குச் சிறுநீரகம் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி மதியம் கூலிம் டவுனில் ஒரு மையத்தில் டயாலிசிஸ். முடிய மாலை ஐந்தரை, ஆறு ஆகிவிடும். அக்காவுக்கு ஓவர்டைம் சேர்த்துக் காலை ஏழு மணி முதல் இரவு ஏழு மணி வரை வேலை, ஞாயிறு மட்டும் லீவு. ஆரம்பத்தில் மகன் அப்பாவைக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தான். அவனுக்கு ஜொகூரில் வேலை கிடைத்துப் போன பிறகு அண்ணன் தனியாகத்தான் போனார். போகும்போது பரவாயில்லை, தெம்பாகப் போவார். வரும்போதுதான் கஷ்டம். ரத்தத்தைச் சுத்தம் செய்து முடித்த களைப்பில், தலைசுற்றலோடு, வாடகைக் காருக்காகத் தனியாகக் காத்திருப்பார். ஒருநாள் வீட்டு கேட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். எதிர் வீட்டுச் சீன ஆன்ட்டி பார்த்துத் தூக்கி விட்டிருக்கிறார். அதை அக்கா என்னிடம் சொன்னபோது கேன்டீனில் அவருடைய தட்டில் சோறு அப்படியே இருந்தது.

அந்த வாரத்தில்தான் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு மின்னஞ்சலில் பேசும் மேசைக்கு ஆள் தேவை, உள்ளே இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். எட்டரை முதல் ஐந்து மணி வரை ஆபீஸ் நேரம். அக்கா அந்தத் தாளின் முன்னால் வெகுநேரம் நின்றார். அவர் படித்தது அந்தக் கடைசி வரியை மட்டும்தான் என்று எனக்குத் தெரியும்.

அவர் விண்ணப்பித்தார். மேலாளர் ஒரு சீனப் பெண்மணி, நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். கறாரானவர், ஆனால் காதில் கேட்டதை வைத்து ஆளை எடை போடமாட்டார். "உனக்குப் பொருளைப் பற்றித் தெரியும். எழுதத் தெரியுமா என்று பார்க்கிறேன்," என்றார். ஒரு மாதம் சோதனை. காலையில் வழக்கம்போல லைன், மதியத்துக்கு மேல் வாடிக்கையாளர் மேசை, பிறகு மறுபடி லைனுக்கு வந்து ஏழு மணி வரை. மாத முடிவில் அக்கா அனுப்பிய மின்னஞ்சல்களை மிஸ் படித்துப் பார்த்து முடிவு சொல்வார்.

சோதனை தொடங்கும் முன் எங்கள் எல்லாருக்கும் ஒரு சனிக்கிழமை வகுப்பு வைத்தார்கள். பினாங்கிலிருந்து ஒரு மலாய்க்காரர் வந்தார். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே குத்தத் தெரிந்தவர். திரையில் முதல் வாக்கியமாகவே 'தேங்க்ஸ் ஃபார் இன்ஃபார்ம் மீ' என்று போட்டார். உங்கள் ஆபீஸிலிருந்து எடுத்ததுதான், யார் எழுதியது என்று சொல்லமாட்டேன் என்றார். அது தன்னுடையதுதான் என்று நினைத்து அறையில் இருந்த எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

ஃபார், ஆஃப், வித்தவுட், பிஃபோர், ஆஃப்டர் மாதிரியான சொற்களுக்குப் பின்னால் ஒரு செயலைச் சொல்ல வேண்டுமானால், அந்த வினை அப்படியே நிற்காது, வாலில் 'இங்' சேர்ந்து பெயர் மாதிரி ஆகிவிடும் என்றார். இன்ஃபார்ம் இல்லை, இன்ஃபார்மிங். பின்னால் இருந்த மலாய்த் தோழி கையைத் தூக்கினாள். "நம்ம மொழியில தெரிமா காசே கெரானா மெமக்லும்கன்னுதானே சொல்றோம், வினை அப்படியே தானே நிக்குது?" என்று மலாயில் கேட்டாள். தெரிவித்ததற்கு நன்றி என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதனால்தான் நமக்கு இது வழுக்குகிறது என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

அக்கா என் காதருகே வந்து, "எனக்கு ஒன்னுமே புரியல மா," என்றார்.

"அக்கா, தமிழ்ல எப்படி நன்றி சொல்லுவீங்க? சொல்லுக்கு நன்றின்னா சொல்லுவீங்க?"

"சொன்னதுக்கு நன்றி."

"அந்த 'அது' எங்கிருந்து வந்துச்சு? சொன்னேங்கிறத அப்படியே வச்சு 'க்கு' போட முடியல இல்ல? ஒரு 'அது' சேத்தாதான் 'க்கு' ஒட்டுது. அதான் அவங்க 'இங்'."

அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "இவ்ளோதானா? இத ஏன் மா யாரும் இத்தன வருஷமா சொல்லல?" என்றார். பிறகு தாளில் தானாகவே எழுத ஆரம்பித்தார். அனுப்பியதற்கு, செண்டிங். காத்திருந்ததற்கு, வெயிட்டிங். கேட்காமல், வித்தவுட் ஆஸ்கிங். எனக்குப் பெருமையாக இருந்தது.

'சாரி ஃபார் டிலே' பற்றியும் பயிற்சியாளர் சொன்னார். டிலே என்பது ஏற்கனவே பெயர்ச்சொல்லாகவும் நிற்கும், முன்னால் ஒரு 'தி' போட்டால் போதும் என்றார். அந்த நேரம் பார்த்து சாப்பிட நாசி லெமாக் பொட்டலங்கள் வந்துவிட்டன. பாதிப் பேர் எழுந்துவிட்டோம்.

அதன்பிறகு எங்கள் ஆபீஸே இங் மயமாகிவிட்டது. தேவையில்லாத இடத்திலும் போட்டார்கள். ஸ்டோர் தம்பி ஒருவன் 'ஐ வில் செண்டிங் டுமாரோ' என்று எழுதினான். அவனை ஒரு வாரம் கேலி செய்தோம். அக்கா அப்படிச் செய்யவில்லை. அவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்து, 'அதற்கு' வருகிறதா என்று சோதித்து, பிறகுதான் தட்டினார். 'சாரி ஃபார் டிலே'யையும் அதே பக்தியோடு சரிசெய்தார். தாமதப்படுத்தியதற்கு மன்னிக்கவும். 'சாரி ஃபார் டிலேயிங்.' இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. பயிற்சியாளரே பார்த்திருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார். நானும் பார்த்தேன், சரி என்றேன்.

மூன்றாவது வாரத்தில் ஜப்பான் வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய பெட்டிகள் இரண்டு நாள் நின்றன. நின்றதற்கு நாங்கள் காரணமில்லை. அவர்கள் லேபிளை மாற்றச் சொல்லியிருந்தார்கள், மாற்றிய லேபிளுக்கு அவர்களுடைய ஒப்புதல் வரவில்லை. ஒப்புதல் வந்த அன்றே அக்கா தன் லைனில் நின்று ஒட்ட வைத்து லாரி ஏற்றிவிட்டார். லாரி போனதும் மேலே ஓடி வந்து மின்னஞ்சல் அனுப்பினார். இன்ஃபார்மிங்குக்கு நன்றி, அனுப்பிவிட்டோம், பிறகு வழக்கம்போல: 'சாரி ஃபார் டிலேயிங் யுவர் ஷிப்மென்ட்.' உங்கள் சரக்கைத் தாமதப்படுத்தியதற்கு மன்னிக்கவும்.

அங்கே புதிதாக வந்திருந்த அதிகாரி ஒருவர் அதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. மன்னிப்பு கேட்டவரே நான்தான் செய்தேன் என்று சொன்னால் யாராக இருந்தாலும் நம்பத்தான் செய்வார்கள். தாமதம் உங்கள் பக்கம் என்று நீங்களே ஒத்துக்கொண்டதால் அதை உங்கள் தவறாகப் பதிகிறோம், ஏன் நடந்தது, இனி நடக்காமல் என்ன செய்யப் போகிறீர்கள் என்று முழு அறிக்கை அனுப்பவும் என்று மிஸ்ஸுக்கு எழுதிவிட்டார். எங்கள் தொழிலில் அது சின்ன விஷயமில்லை. அப்படி ஒன்று பதிவானால் அடுத்த ஆர்டர் வரை பேச்சு இழுபடும்.

மிஸ் அக்காவைக் கூப்பிட்டார். ஷிப்பிங் ஆள் என்பதால் என்னையும் கூப்பிட்டார். நடந்து போகும்போதே அக்கா, "போச்சு மா. அந்த மேச போச்சு," என்றார். மேசையை இல்லை, அண்ணனைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அறையில் பேச்சு பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும் நடந்தது. மிஸ் குரலை உயர்த்தவில்லை. "நீ தாமதப்படுத்தினாயா?" என்று கேட்டார்.

"இல்ல மிஸ்."

"அவங்க ஒப்புதல் வந்த அன்னைக்கே அனுப்பிட்ட. எனக்குத் தெரியும். அப்புறம் ஏன் நான்தான் தாமதப்படுத்தினேன்னு எழுதின?"

அக்கா என்னைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். கடைசியில், "மரியாதைக்கு மிஸ்," என்றார்.

மிஸ் கணினித் திரையைத் திருப்பினார். அந்த மாதம் அக்கா அனுப்பியவை வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். சாரி, சாரி, சாரி. வந்த வேகத்தில் பதில் போட்ட ஒன்றிலும் தாமதப்படுத்தியதற்கு மன்னிப்பு இருந்தது. "முன்ன நீ 'சாரி ஃபார் டிலே'ன்னு எழுதினப்போ நான்கூட கண்டுக்கல. குட் மார்னிங் மாதிரி ஒரு பேச்சுன்னு விட்டுட்டேன். இப்ப இவ்வளவு தெளிவா எழுதியிருக்க. தெளிவா எழுதினா, எழுதினத நம்புவாங்க," என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறோம், இவரை மட்டும் ஏன் நிறுத்தி வைத்துக் கேட்கிறீர்கள் என்று படபடவென்று கொட்டினேன். மிஸ் நான் முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு அக்காவிடம், "இதுக்கு நான் பதில் எழுதினா, ஆபீஸ் பேச்ச மாத்துதுன்னு நினைப்பாங்க. சொன்னது நீ. நீதான் எழுதணும். இங்கயே எழுது," என்று தன் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டார்.

அக்கா அந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். டியர் சார் என்று தட்டினார். அடுத்து விரல்கள் தானாகவே சாரி என்று தட்டின. அழித்தார். மறுபடி சாரி. மறுபடி அழித்தார். "எப்படி மா, ஒரு வாடிக்கையாளரப் பாத்து நீதான் லேட்டுன்னு எழுதறது? வாய் வரலயே," என்று என்னிடம் தமிழில் சொன்னார்.

அவருக்கு வாய் வராதது எனக்கு ஆச்சரியமில்லை. அவருடைய அம்மா தோட்ட ஆபீஸ் எழுத்தரிடம் லீவு கேட்கப் போனால்கூட, "மன்னிச்சிக்கணும் கிராணி," என்றுதான் ஆரம்பிப்பாராம். அக்காவே ஒருமுறை சொல்லியிருக்கிறார். கேட்பதற்கே மன்னிப்பு கேட்டுப் பழகிய குடும்பம். என் குடும்பமும் அதேதான், நான் மட்டும் கொஞ்சம் வாயாடி ஆகிவிட்டேன். நகருங்கக்கா, நான் தட்டுகிறேன் என்று கையை நீட்டினேன். மிஸ் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. தமிழில் சொல்லிப் பார்க்கிறார் என்று புரிந்தது. பிறகு மெதுவாகத் தட்ட ஆரம்பித்தார். முதல் வரி: 'தேங்க் யூ ஃபார் செக்கிங் வித் அஸ்.' எங்களிடம் விசாரித்ததற்கு நன்றி. அடுத்தது: 'வித்தவுட் ரிசீவிங் யுவர் அப்ரூவல், வீ குட் நாட் பிரிண்ட் தி நியூ லேபிள்.' உங்கள் ஒப்புதல் கிடைக்காமல் புதிய லேபிளை அச்சடிக்க முடியவில்லை. அதற்கடுத்தது: 'ஆஃப்டர் ரிசீவிங் இட், வீ ஷிப்ட் ஆன் தி சேம் டே.' கிடைத்த பிறகு அன்றே அனுப்பிவிட்டோம். என் முந்தைய மின்னஞ்சலில் எழுதிய மன்னிப்பு மரியாதைக்காக எழுதியது, தாமதம் எங்கள் பக்கம் இல்லை என்று இன்னொரு வரி சேர்த்தார். கீழே தன் பெயர். அவ்வளவுதான்.

நீ லேட் என்று எங்கேயும் இல்லை. கிடைக்காமல், கிடைத்த பிறகு. யார் முகத்திலும் அடிக்கவில்லை, தன் முதுகிலும் எதையும் ஏற்றிக்கொள்ளவில்லை. அக்காவின் மரியாதை முழுசாக அதில் இருந்தது. மிஸ் எட்டிப் பார்த்துப் படித்தார். ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

"அனுப்பு," என்றார்.

அக்கா அனுப்பினார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம் ஜப்பானிலிருந்து பதில் வந்தது. விளக்கியதற்கு நன்றி, ஒப்புதல் எங்கள் பக்கம் தாமதமானதைச் சரிபார்த்துவிட்டோம், பதிவை எடுத்துவிட்டோம், அறிக்கை தேவையில்லை. அந்தப் புதிய அதிகாரி நல்லவர்தான் போலிருக்கிறது. நானாக இருந்தால் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

மாத முடிவில் மிஸ் அக்காவை அழைத்து, அடுத்த வாரத்திலிருந்து நிரந்தரமாக அந்த மேசைக்கு வந்துவிடு என்றார். அக்கா நன்றிகூடச் சொல்லவில்லையாம். "மிஸ், அஞ்சு மணிக்கு எழுந்து போயிடலாம்ல?" என்று கேட்டிருக்கிறார். "ஆபீஸ் டைம் முடிஞ்சா போகத்தான் வேணும், வேற என்ன?" என்றாராம் மிஸ். அக்கா வெளியே வந்து பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று அழுதார். டீ கலக்க வந்தவர்கள் எல்லாரும் யாருக்கு என்ன ஆனது என்று பயந்துவிட்டார்கள்.

புதிய வேலையின் முதல் நாள் திங்கட்கிழமை. கம்பெனி பஸ் இரவு ஏழு மணிக்குத்தான் கிளம்பும் என்பதால், ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் அக்காவை என் காரில் டயாலிசிஸ் மையத்துக்குக் கூட்டிப் போனேன். போகும் வழியில் சிக்னல் சிவப்பாகும்போதெல்லாம் அக்கா ச்சு என்றார். கூலிம் டவுனில் சாயங்கால நெரிசல். நான் ஹாரன் அடித்து இரண்டு பேரிடம் திட்டு வாங்கினேன். கடை வரிசையில் மாடியில் இருந்தது அந்த மையம். படியேறி உள்ளே போனபோது அண்ணன் கை மடிப்பில் பிளாஸ்டரோடு, கண்ணை மூடி, சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாடகைக் காருக்குச் சொல்லிவிட்டு அப்படித்தான் காத்திருப்பார் போலிருக்கிறது. அக்கா வேலை அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் போய் அவர் பக்கத்தில் நின்று, "எழுந்துக்கிறீங்களா, போலாம்," என்றார். அண்ணன் கண்ணைத் திறந்து பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி அக்காவைப் பார்த்தார்.

கவுண்டரில் இருந்த இளம் தாதி ஒரு தமிழ்ப் பெண். புதிதாக வந்தவள். எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள்.

"நீங்க யாரு அக்கா?"

"வீட்டுக்காரி."

அந்தப் பெண் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "அங்கிளுக்கு ஆளுங்க இருக்காங்களா?" என்றாள். "நாங்க யாருமே இல்லாதவருன்னு நெனச்சிட்டோம்."